ஊஞ்சல் சங்கிலியில் எந்த வளையத்துக்குப் பாரம் அதிகம்?

பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்க வேண்டும் என்று கூடத்து ஊஞ்சலைக் கழற்றினோம். பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தாயிற்று. சங்கிலிகளில்தான் துரு ஏறியிருந்தது. மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்த் தேய்த்து, கறுப்பு பெயிண்ட் அடித்து, வெயிலில் காயப்போடச் சொன்னார் அம்மா. மொத்தம் நான்கு சங்கிலிகள். ஒவ்வொன்றும் 2 மீட்டர் நீளம், 4 கிலோ. தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மாடி ஏறினால் சட்டையெல்லாம் துருவாகிவிடும். அதனால் மாடியிலிருந்து கயிறு விட்டு இழுத்துக்கொள்வது என்று முடிவானது.

அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். பெரியவள் பதினொன்றாம் வகுப்பு. சின்னவன் ஏழாம் வகுப்பு. சின்னவன் சும்மா இருப்பானா? பழைய பேப்பர் எடை போடுவார்களே, அந்தக் கொக்கித் தராசு ஒன்று எங்கள் பரணில் கிடந்தது. அதை எடுத்துவந்து கயிற்றின் நுனியில் கட்டினான். தராசின் கீழ்க்கொக்கியில் சங்கிலியை மாட்டினான்.

“மாமா, நீங்க இழுங்க. நான் முள்ளைப் பார்க்கிறேன்.”

மெல்லத் தூக்கினேன். சங்கிலி தரையை விட்டு முழுதாக மேலே வந்ததும் முள் 4 கிலோவில் நின்றது. பிறகு சட்டென்று வேகம் கூட்டி இழுத்தேன். முள் நாலைத் தாண்டி ஓடியது. ஒரே சீரான வேகத்தில் இழுத்தபோது திரும்பவும் நாலுக்கே வந்தது. கைப்பிடிச் சுவர் அருகே வந்ததும் வேகத்தைக் குறைத்தேன். முள் நாலுக்குக் கீழே இறங்கி, பிறகு சரியானது.

“சங்கிலி கனம் கூடிக் கூடிக் குறையுதா மாமா?” என்றான் சின்னவன். உடனே இன்னொரு கேள்வி: “தராசை மேலே கட்டாம, சங்கிலிக்கு நடுவில கட்டினா எவ்வளவு காட்டும்?”

“எங்கே கட்டினாலும் ஒண்ணுதான்டா” என்றாள் பெரியவள். “ஒரே நூலில் இழுவிசை எல்லா இடத்திலும் சமம்னு எங்க புத்தகத்திலேயே இருக்கு.”

“அதெப்படி? நடுவில கட்டினா கீழே பாதிச் சங்கிலிதானே தொங்குது?”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் இன்னொரு சங்கிலியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன்.

நடுவில் ஒரு தராசு

சங்கிலியை வெட்டித் தராசைச் சொருக முடியாது. ஆனால் இரண்டு சங்கிலிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக மாட்டினால் 4 மீட்டர் நீளத்தில், 8 கிலோவில் ஒரே பெரிய சங்கிலி கிடைத்துவிடும். அவை சேரும் இடம்தான் நடு. அங்கே தராசை மாட்டினோம். தராசும் இரும்புதான் என்றாலும் சங்கிலியோடு பார்த்தால் அதன் எடை கொஞ்சம்தான். மேல்முனையைக் கயிற்றில் கட்டி நான் தூக்கினேன்.

என் கைக்கு 8 கிலோ கனத்தது. நடுவில் இருந்த தராசு 4 கிலோதான் காட்டியது.

சின்னவன் முகத்தில் வெற்றிச் சிரிப்பு. பெரியவள் விடவில்லை. “அப்போ புத்தகத்தில இருக்கிறது தப்பா?” என்றாள். தப்பில்லை. அந்த வாக்கியத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சொல் இருக்கும்: ‘எடையற்ற நூல்’. நூலுக்கே எடை இல்லையென்றால் அது தன்னைத் தூக்கிக்கொள்ள வேண்டியதில்லை. மேலே கொடுத்த இழுப்பு குறையாமல் கீழே போய்ச் சேரும். சங்கிலி அப்படியில்லை. அதன் ஒவ்வொரு வளையமும் கனமானது. மேலே இருக்கும் வளையம் தனக்குக் கீழே தொங்கும் அத்தனை வளையங்களையும் சுமந்தாக வேண்டும். கடைசி வளையத்துக்குக் கீழே யாருமில்லை. அது யாரையும் சுமக்க வேண்டியதில்லை.

ஒரு வளையம் தன் கீழ் வளையத்தை மேல்நோக்கி இழுக்கும் விசையைத்தான் அந்த இடத்தின் இழுவிசை என்கிறோம். விசையை நியூட்டன் என்ற அலகில் அளப்பார்கள். ஒரு கிலோ பொருளைப் பூமி சுமார் 9.8 நியூட்டன் விசையோடு கீழே இழுக்கிறது. கணக்கு எளிதாக இருக்க நாம் 10 என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரே ஒரு ஊஞ்சல் சங்கிலியை எடுத்துக்கொள்ளுங்கள். நிறை 4 கிலோ. அதை அரை மீட்டருக்கு ஒரு கோடு போட்டு நான்கு துண்டுகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு 1 கிலோ. அசையாமல் தொங்கும்போது உச்சியில் இழுவிசை 40 நியூட்டன். முதல் துண்டுக்குக் கீழே 30. நடுவில் 20. கடைசித் துண்டுக்கு மேலே 10. அடிநுனியில் பூஜ்யம். படிக்கட்டில் இறங்குவது போல ஒரே அளவில் குறைந்துகொண்டே வருகிறது.

இனிமேல்தான் சின்னவனின் முதல் கேள்வி. வேகம் கூட்டி இழுக்கும்போது என்ன ஆகிறது?

மனக்கத்தரி

வேகத்தைச் சீராகக் கூட்டிக்கொண்டே போவதைச் சீரான முடுக்கம் என்கிறோம். நான் சங்கிலியை இழுக்கும்போது ஒவ்வொரு நொடியும் அதன் வேகம், நொடிக்கு 2 மீட்டர் என்ற அளவில் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது முடுக்கம் 2. இப்படி அரை நொடி இழுத்தாலே சங்கிலி கால் மீட்டர் மேலே வந்து, நொடிக்கு 1 மீட்டர் வேகத்தை எட்டிவிடும். கையால் செய்யக்கூடிய இழுப்புதான்.

ஒரு பொருளின் வேகத்தைக் கூட்ட, மிச்சமாக ஒரு விசை வேண்டும். நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் அந்த மிச்ச விசை வரும். இது நியூட்டனின் இரண்டாம் விதி. 1 கிலோவுக்கு முடுக்கம் 2 வேண்டுமென்றால் மிச்ச விசை 2 நியூட்டன். பூமியின் இழுப்பை ஈடுகட்ட 10, வேகத்தைக் கூட்ட 2. ஆக ஒவ்வொரு கிலோவுக்கும் 12 நியூட்டன் தேவை.

சங்கிலியின் நடுவில் இழுவிசை எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கத்தரி வேண்டும். நிஜக் கத்தரி அல்ல, மனக்கத்தரி. எந்த இடத்தில் இழுவிசை தெரிய வேண்டுமோ, அந்த இடத்தில் சங்கிலியை மனத்துக்குள் வெட்டுங்கள். மேல்பாதியை உள்ளங்கையால் மறைத்துவிட்டு, கீழ்ப்பாதியை மட்டும் பாருங்கள். அது 2 கிலோ. அதைப் பூமி 20 நியூட்டன் விசையோடு கீழே இழுக்கிறது. அதுவோ முடுக்கம் 2-உடன் மேலே போய்க்கொண்டிருக்கிறது. வெட்டிய இடத்தில் மேலிருந்து யாரோ 24 நியூட்டன் விசையோடு இழுத்தால்தான் அது அப்படிப் போக முடியும். அந்த 24-தான் நடுவில் உள்ள இழுவிசை.

இதே கத்தரியை மற்ற இடங்களிலும் வைத்துப் பாருங்கள். உச்சியில் வெட்டினால் கீழே 4 கிலோ, இழுவிசை 48. முதல் துண்டுக்குக் கீழே 36. நடுவில் 24. கடைசித் துண்டுக்கு மேலே 12. அடிநுனியில் அப்போதும் பூஜ்யம்.

இதை ஒரே வரியில் எழுதிவிடலாம்:

இழுவிசை = கீழே தொங்கும் நிறை × (10 + முடுக்கம்)

அசையாமல் தொங்கியபோது 40, 30, 20, 10. முடுக்கிய போது 48, 36, 24, 12. இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உச்சியில் 8 கூடியிருக்கிறது. கடைசித் துண்டுக்கு மேலே 2-தான் கூடியிருக்கிறது. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் முன்பு இருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. பூமியின் இழுப்பே 10-இலிருந்து 12 ஆகிவிட்டால் எப்படி இருக்குமோ, முடுக்கப்படும் சங்கிலிக்கு அப்படித்தான் இருக்கிறது.

சங்கிலியின் கனம் கூடியதா என்று கேட்டானே சின்னவன், அதற்கு இதுதான் பதில். சங்கிலியில் ஒரு கிராம் இரும்புகூடக் கூடவில்லை. வேகம் கூட்டுவதற்கான செலவையும் சேர்த்து வளையங்கள் சுமக்கின்றன. தராசுக்குக் காரணம் தெரியாது. தன்னை இழுப்பது 48 நியூட்டன் என்பது மட்டுமே தெரியும். அதனால் 4.8 கிலோ என்று காட்டுகிறது.

எல்லாருக்கும் மிச்சம் இரண்டு

பெரியவள் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் யோசித்தாள். “மேல் துண்டை 48 இழுக்குது. கீழ்த் துண்டை 12-தான் இழுக்குது. அப்படின்னா மேல் துண்டு வேகமாகவும் கீழ்த் துண்டு மெதுவாகவும் போகணுமே? எல்லாம் ஒண்ணாத்தானே போகுது?”

நல்ல கேள்வி. பலர் தடுக்கி விழும் இடமும் இதுதான். இழுவிசை அதிகம் என்றால் முடுக்கமும் அதிகம் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் மேல் துண்டை மேலே இழுப்பது ஒன்றுதான். கீழே இழுப்பவை இரண்டு. அதைப் பிடித்துத் தொங்கும் அடுத்த துண்டு அதைக் கீழே இழுக்கிறது. பூமியும் இழுக்கிறது.

மேல் துண்டின் வரவு செலவைப் போடுவோம். மேலிருந்து வரவு 48. அடுத்த துண்டுக்குக் கொடுத்தது 36. பூமிக்குக் கொடுத்தது 10. மிச்சம் 2.

இரண்டாம் துண்டு: வரவு 36. கொடுத்தது 24-உம் 10-உம். மிச்சம் 2.

மூன்றாம் துண்டு: 24 வந்தது. 12-உம் 10-உம் போயின. மிச்சம் 2.

கடைசித் துண்டு: 12 வந்தது. அதற்குக் கீழே யாருமில்லை. பூமிக்கு 10 போக, மிச்சம் 2.

வரவு வேறு வேறு, மிச்சம் ஒன்றே. அதனால்தான் நான்கும் ஒரே முடுக்கத்தில், ஒன்றை ஒன்று முந்தாமல் மேலே போகின்றன. இந்த வரவு செலவு நீங்கள் போட்ட கணக்கைச் சரிபார்க்கவும் உதவும். எந்தத் துண்டிலாவது மிச்சம் வேறாக வந்தால், எங்கோ பிழை இருக்கிறது என்று அர்த்தம்.

கண்ணால் பார்க்க ஒரு சங்கிலி

இரும்புச் சங்கிலியில் இழுவிசை கண்ணுக்குத் தெரியாது. தெரியும்படி ஒரு சங்கிலி செய்தோம். நீங்களும் செய்யலாம்.

ஹார்டுவேர் கடையில் ஒரே அளவுள்ள நான்கு பெரிய நட்டுகள் வாங்குங்கள். ஒவ்வொன்றும் 100 கிராம் அளவுக்கு இருந்தால் நல்லது. ஒரே பாக்கெட்டிலிருந்து ஒரே மாதிரியான நான்கு ரப்பர் பேண்டுகள் எடுங்கள். நட்டின் ஓட்டையில் ரப்பரை மாட்டி, ஒரு ரப்பர், ஒரு நட்டு, ஒரு ரப்பர், ஒரு நட்டு என்று தொடுங்கள். உச்சியில் இருப்பது ரப்பராக இருக்கட்டும். அதை ஒரு குச்சியில் மாட்டிக்கொள்ளுங்கள்.

அசையாமல் பிடித்துப் பாருங்கள். உச்சி ரப்பர்தான் மிக நீளமாக இழுபட்டிருக்கும். கீழே வரவர நீட்சி குறையும். ரப்பர்கள் நான்கும் ஒன்றுபோலவே வாங்கியவை. ஆனால் அவை சுமக்கும் நட்டுகளின் எண்ணிக்கை 4, 3, 2, 1. அந்தக் கணக்குதான் உங்கள் கண்முன் நீண்டு நிற்கிறது.

இப்போது குச்சியை மேல்நோக்கி வேகம் கூட்டித் தூக்குங்கள். நான்கு ரப்பர்களுமே இன்னும் நீளும். உச்சி ரப்பர்தான் அதிகமாக நீளும். கண் தவறவிட்டால், வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியில் மெதுவாக ஓடும் வீடியோவாக எடுத்துப் பாருங்கள்.

அந்த வீடியோவில் இன்னொன்றும் தெரியும். குச்சி நகர ஆரம்பித்ததும் முதலில் உச்சி ரப்பர் நீள்கிறது. அடுத்தது, அதற்கடுத்தது என்று நீட்சி கீழே இறங்குகிறது. நட்டுகள் கொஞ்சம் ஆட்டம் போடுகின்றன. நம் கணக்கு இந்த ஆட்டம் அடங்கி, எல்லாம் ஒரே முடுக்கத்தில் போகும் நேரத்துக்குத்தான் பொருந்தும். இரும்புச் சங்கிலி ரப்பர் மாதிரி நீளாது. அதில் இந்த ஆட்டம் நொடியில் மிகச் சிறு பகுதிக்குள் அடங்கிவிடும்.

வேகம் குறையும்போது

மாடிச் சுவரை நெருங்கும்போது முள் நாலுக்குக் கீழே இறங்கியதே, அதற்கும் அதே வரிதான். வேகம் குறைகிறதென்றால் முடுக்கத்தைக் கழிக்க வேண்டும். நொடிக்கு நொடி வேகம் 2 குறைந்தால், ஒவ்வொரு கிலோவுக்கும் 8 நியூட்டன் போதும். இழுவிசை உச்சியிலிருந்து 32, 24, 16, 8 என்று வரும். சங்கிலி மேலேதான் போய்க்கொண்டிருக்கிறது, ஆனாலும் இழுவிசை அசையாமல் தொங்கியதைவிடக் குறைவு. எந்தப் பக்கம் போகிறது என்பது கணக்கில் வருவதில்லை. வேகம் எப்படி மாறுகிறது என்பதுதான் வருகிறது. மாறாத வேகத்தில் இழுத்தால், அது எவ்வளவு வேகமாக இருந்தாலும், பழைய 40, 30, 20, 10-தான்.

கயிற்றைக் கைவிட்டுவிட்டால்? சங்கிலி தானாக விழும். ஒவ்வொரு நொடியும் அதன் வேகம் கீழ்நோக்கி 10 கூடும். அடைப்புக்குறிக்குள் 10-இலிருந்து 10 போய்ப் பூஜ்யம். எந்த வளையமும் எதையும் சுமக்காது. ரப்பர் சங்கிலியை மெத்தைமேல் விழவிட்டுப் பாருங்கள். விழுந்துகொண்டிருக்கும்போதே ரப்பர்கள் சுருங்கிவிடும்.

பூஜ்யத்துக்குக் கீழே இழுவிசை போகாது. சங்கிலியால் இழுக்க முடியும், தள்ள முடியாது. மேலே வேகமாகப் போகும் சங்கிலியை அளவு மீறிச் சட்டென்று நிறுத்தினால், வளையங்கள் தளர்ந்து கொஞ்சம் மேலே எழும்பி, பிறகு கீழே வந்து ‘ணங்’ என்று சுண்டும். அந்தச் சுண்டலில் வளையங்கள் கண்சிமிட்டும் நேரத்துக்குள் நின்றாக வேண்டும். அவ்வளவு குறுகிய நேரத்தில் வேகம் மாறினால் முடுக்கம் பெரிய எண்ணாகிவிடும், கூடவே இழுவிசையும். பாரம் தூக்கும் இடங்களில் முதலில் சங்கிலியின் தொய்வை மெல்ல இழுத்து விறைப்பாக்கிவிட்டுப் பிறகுதான் தூக்குவார்கள். தொய்வோடு சுண்டி இழுத்தால் சங்கிலி அறுந்துபோகலாம்.

“அறுந்தா எப்பவும் மேல் வளையம்தானே அறும்?” என்றான் சின்னவன்.

எல்லா வளையங்களும் ஒரே பலம் என்றால், ஆமாம். ரப்பருக்குப் பதில் நான்கு இடத்திலும் ஒரே மாதிரித் தையல் நூலைக் கட்டிக் குச்சியைச் சுண்டினால், பெரும்பாலும் உச்சி நூல்தான் அறும். (இதைச் செய்யும்போது காலைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், நட்டு விரலில் விழும்.) ஆனால் பலம் சமமாக இல்லாவிட்டால் கதை மாறும். உங்கள் நூல் 10 நியூட்டனுக்கு அறும் என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து மூன்றாவது இடத்தில் மட்டும், 4 நியூட்டனுக்கே அறும் ஒரு நைந்த நூல் இருக்கிறது. அதற்குக் கீழே இரண்டு நட்டு, 0.2 கிலோ. முடுக்கம் 10 ஆனதும் அங்கே இழுவிசை 0.2 × 20, அதாவது 4. அதே நேரத்தில் உச்சி நூலில் 0.4 × 20, அதாவது 8-தான். உச்சி நூல் இன்னும் தாங்கும். நைந்த நூல் அறுந்துவிடும். எங்கே பாரம் அதிகம் என்பது ஒரு கேள்வி. எங்கே பாரம், பலத்தை முதலில் எட்டுகிறது என்பது வேறொரு கேள்வி.

ஹார்ஸ் மலைச் சுரங்கத்தில்

இந்த இரண்டு கேள்விகளோடும் உண்மையிலேயே மல்லுக்கட்டிய ஒருவர் ஜெர்மனியில் இருந்தார். பெயர் வில்ஹெல்ம் ஆல்பர்ட். ஹார்ஸ் மலையில் கிளவ்ஸ்தால் என்ற ஊரில் சுரங்க அதிகாரியாக வேலை பார்த்தவர். அங்கே பூமிக்குள் ஆழமாகப் போய் வெள்ளியும் ஈயமும் கலந்த தாதுவை வெட்டினார்கள். அதை மேலே கொண்டுவர, தண்ணீர்ச் சக்கரத்தால் சுழலும் பெரிய உருளைகளில் சணல் கயிற்றையோ இரும்புச் சங்கிலியையோ சுற்றி இழுத்தார்கள். கயிறு ஈரத்தில் மக்கிப்போனது. சங்கிலி மக்காது. ஆனால் சுரங்கம் ஆழமாக ஆழமாகச் சங்கிலி தன்னையே சுமக்க முடியாமல் திணறியது.

ஒரு கணக்குக்காக 400 மீட்டர் ஆழம், மீட்டருக்கு 4 கிலோ கனமுள்ள சங்கிலி, அடியில் 400 கிலோ தாதுத் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். சங்கிலி மட்டும் 1,600 கிலோ! அடியிலிருந்து கிளம்பும்போது முடுக்கம் 1 என்றால் ஒவ்வொரு கிலோவுக்கும் 11 நியூட்டன். தொட்டியை மாட்டியிருக்கும் அடி வளையத்துக்கு 400 × 11, அதாவது 4,400 நியூட்டன். உச்சி வளையத்துக்கு 2,000 × 11, அதாவது 22,000. ஐந்து மடங்கு! தூக்க நினைத்தது 400 கிலோ தாது. ஆனால் உச்சி வளையத்தின் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்கு, சங்கிலியைத் தூக்கவே போய்விடுகிறது.

அந்த மோசமான நிமிடம் எது என்று கவனியுங்கள். கிளம்பும் நிமிடம்தான். அப்போது சங்கிலி முழு நீளத்துக்கும் தொங்குகிறது. வேகம் கூடுவதும் அப்போதுதான். தொட்டி மேலே வரவரச் சங்கிலி உருளையில் சுற்றிக்கொள்ளும். தொங்கும் நீளம் குறையும். வாய்க்கு அருகில் வரும்போது வேகத்தையும் குறைப்பார்கள். அப்போது ஏறக்குறைய தொட்டி மட்டும்தான் தொங்கும். வேகம் 1 குறைகிறது என்றால் 400 × 9, அதாவது 3,600 நியூட்டன்தான். தொட்டி இறங்கும், மறுபடி நிரம்பிக் கிளம்பும். சங்கிலியின் மேல்பகுதிக்கு ஒவ்வொரு நடையிலும் அந்தப் பெரும்பாரம் திரும்பத் திரும்ப வரும்.

இரும்பு ஒருமுறை தாங்கும் பாரத்தை ஆயிரம் முறை தாங்கும் என்று சொல்ல முடியாது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிகிறதே, அதுபோல மறுபடி மறுபடி பாரம் ஏறி இறங்கினால் வளையத்தில் நுண்ணிய விரிசல் விழுந்து வளரும். ஆல்பர்ட் 1829-ஆம் ஆண்டு வாக்கில் சுரங்கச் சங்கிலிகளின் மேல் இப்படித் திரும்பத் திரும்பப் பாரம் ஏற்றிச் சோதித்துப் பார்த்தார். உலோகம் களைத்துப்போவதை ஆராய்ந்த முதல் சோதனைகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். சங்கிலியின் இன்னொரு ஆபத்து, அது முன்னறிவிப்பே தராது என்பது. ஒரே ஒரு வளையம் விட்டால் கீழே தொங்கும் அத்தனையும் போய்விடும்.

அவர் கண்ட வழி என்ன தெரியுமா? இரும்புக் கம்பிகளையே கயிறாகத் திரித்தார். 3.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள நான்கு கம்பிகளை முறுக்கி ஒரு புரி. மூன்று புரிகளை முறுக்கி ஒரு கயிறு. 1834-இல் கிளவ்ஸ்தாலின் கரோலின் சுரங்கத்தில் அது வேலைக்கு வந்தது. அதில் ஒரு கம்பி அறுந்தாலும் மற்றப் பதினொன்றும் தாங்கும். அறுந்த நுனி வெளியே நீட்டிக்கொண்டு ஆபத்தைக் காட்டிக்கொடுக்கும்.

எடையைப் பாருங்கள். பன்னிரண்டு கம்பிகளின் குறுக்குப் பரப்பைக் கூட்டி, இரும்பின் அடர்த்தியால் பெருக்கினால், மீட்டருக்குச் சுமார் 1 கிலோ வருகிறது. நம் 400 மீட்டர் கணக்கில் சங்கிலிக்குப் பதில் இந்தக் கயிற்றைப் போடுவோம். கயிறு 400 கிலோ, தொட்டி 400 கிலோ. கிளம்பும்போது உச்சியில் 800 × 11, அதாவது 8,800 நியூட்டன். அடியில் அதே 4,400. ஐந்து மடங்காக இருந்த வித்தியாசம் இரண்டு மடங்காகச் சுருங்கிவிட்டது. மேலே வந்த தாது ஒரு கிலோகூடக் குறையவில்லை. சங்கிலி தன்னைத்தானே சுமந்த பாரம்தான் குறைந்தது.

ஊஞ்சல் திரும்ப ஏறியபோது

நான்கு சங்கிலிகளும் கறுப்பாக மின்னிக் காய்ந்தன. பொங்கலுக்கு முந்தின நாள் திரும்ப மாட்டினோம். உத்திரத்துக் கொக்கியில் மாட்டும் உச்சி வளையத்தைச் சின்னவன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான்.

“ஊஞ்சல்லயும் மேல் வளையத்துக்குத்தான் பாரம் அதிகம், இல்லையா மாமா?”

“அதிகம்தான். ஆனால் எவ்வளவு அதிகம்னு போட்டுப் பாரேன்” என்றேன்.

பெரியவள் கணக்குப் போட்டாள். பலகை 20 கிலோ, உட்காருபவர்கள் 100 கிலோ. நான்கு சங்கிலிகளுக்கும் பிரித்தால் ஆளுக்கு 30 கிலோ. ஊஞ்சல் ஆடாமல் நிற்கும்போது அடி வளையத்துக்கு 30 கிலோ பாரம். உச்சி வளையத்துக்கு அதோடு சங்கிலியின் 4 கிலோவும் சேர்ந்து 34. வித்தியாசம் கொஞ்சம்தான். சங்கிலி மட்டும் தனியாகத் தொங்கியபோது உச்சிக்கு 4, அடிக்குப் பூஜ்யம் என்று இருந்த நிலைமை எங்கே, இது எங்கே! ஊஞ்சலில் உச்சி வளையம் தேய்வது பெரும்பாலும் இந்த 4 கிலோவால் அல்ல. ஆடும்போதெல்லாம் கொக்கியோடு உரசுவதால்.

“அப்போ பலகையில நாம உட்கார்ந்தா, இழுவிசை எங்கும் சமம்னு நான் சொன்னதும் கிட்டத்தட்டச் சரிதான்” என்றாள் அவள், பலகையில் உட்கார்ந்துகொண்டே.

“கிட்டத்தட்ட” என்றான் சின்னவன். அந்த ஒரு சொல்லை மட்டும் அவன் விட்டுக்கொடுக்கவில்லை.

உங்களுக்கு ஒரு புதிர்

அதே 2 மீட்டர், 4 கிலோ சங்கிலியை முடுக்கம் 2-உடன் மேலே இழுக்கிறோம். ஓரிடத்தில் மட்டும் இழுவிசை 18 நியூட்டன். அந்த இடம் அடிநுனியிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

(விடை: ஒரு கிலோவுக்கு 12 நியூட்டன் வேண்டும். 18-ஐ 12-ஆல் வகுத்தால் 1.5. அந்த இடத்துக்குக் கீழே 1.5 கிலோ சங்கிலி தொங்குகிறது. மீட்டருக்கு 2 கிலோ என்பதால், உயரம் 75 சென்டிமீட்டர்.)